மூன்று இடங்கள் போதும்: சின்ன ஹாலில் கொலு

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் ஒரு படுக்கையறை ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு நவராத்திரிதான் வருடத்தின் பெரிய பரீட்சை. தீபாவளிக்கு வருகிறவர்கள் நின்றபடியே இனிப்பை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பொங்கலுக்கு வாசலோடு சரி. கொலுவுக்கு வருகிறவர்கள் உள்ளே வந்து, உட்கார்ந்து, பார்த்து, ஒரு பாட்டுப் பாடி, சுண்டல் சாப்பிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டரை வரை, நாலு பேர், ஐந்து பேராக வந்துகொண்டே இருப்பார்கள். பாதிப் பேர் போன் செய்யாமல் வருவார்கள். எனவே இந்த அத்தியாயம் கொலுவை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. கொலுவுக்கு ஒத்துவரும் ஏற்பாடு மற்ற பண்டிகைகளுக்கும் ஒத்துவரும்.

சின்ன வீட்டில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். இருக்கிற எல்லாவற்றையும் எடுத்து வைப்பது. பரணில் இருந்த பொம்மை அத்தனையும் இறங்கும். சுவரில் சீரியல் லைட், ஜன்னலில் பிளாஸ்டிக் தோரணம், டிவி மேல் காகிதப் பூ, ஃபிரிட்ஜ் மேல் பிள்ளையார், மூலையில் தெர்மோகோல் கோயில். வருகிறவர் எதையும் பார்ப்பதில்லை. கண் ஓரிடத்தில் நிற்க முடியாமல் சுற்றிவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார இடம் தேடும். எதுவும் சரியில்லாமல் போனதால் வரும் பேச்சல்ல அது. பார்ப்பதற்கு எங்கே நிறுத்துவது என்று நீங்கள் காட்டவில்லை, அவ்வளவுதான்.

விருந்தாளி உங்கள் வீட்டில் மூன்று இடங்களில்தான் நிற்கிறார் அல்லது உட்கார்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு நிமிடம். ஜமக்காளத்தில் உட்கார்ந்து கொலுவைப் பார்க்கும்போது பத்துப் பதினைந்து நிமிடம். குங்குமம், தாம்பூலம் வாங்கிக்கொள்ள எழுந்து நிற்கும்போது இரண்டு நிமிடம். அந்த மூன்று நிலைகளிலும் கண்ணுக்கு எதிரே என்ன இருக்கிறதோ அதை மட்டும் அலங்கரியுங்கள். மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருக்கட்டும்.

முதலில் வெளியே போக வேண்டியவை

ஒரு கணக்கோடு ஆரம்பிக்கலாம். ஹால் பத்தடி அகலம், பதினோரு அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஜன்னல். இடது சுவரில் டிவி. வலது பக்கம் சமையலறைக்குள் போகும் வழி, அதன் ஓரத்தில் ஃபிரிட்ஜ். நம் பக்கத்து ஃபிளாட்டுகளில் பாதி இப்படித்தான் இருக்கும்.

கொலு வைப்பதற்கு முந்தைய நாள், வாசலில் செருப்பைக் கழற்றும் இடத்தில் நின்று கைபேசியில் ஹாலை ஒரு படம் எடுங்கள். நேரில் பார்க்கும்போது பழகிய கண் பலவற்றை விட்டுவிடும், படம் விடாது. மின்வாரிய ரசீதைக் காந்தத்தில் செருகி வைத்த ஃபிரிட்ஜ் கதவு, மூன்று வருடத்துக் காலண்டர்கள், சோபா முதுகில் கிடக்கும் துண்டு, சார்ஜர் கம்பி, தண்ணீர் கேன் இதெல்லாம் படத்தில்தான் துலக்கமாகத் தெரியும். படத்தில் முதலில் கண்ணில் படுகிற ஐந்தாறு பொருள்களைப் படுக்கையறைக்கு மாற்றுங்கள். மாற்றிவிட்டு மறுபடி ஒரு படம். அலங்காரத்தில் பாதி வேலை இதோடு முடிகிறது என்பேன். காசும் ஆகாது. படுக்கையறை கதவு பத்து நாளும் சாத்தியே இருக்க வேண்டும், அதற்கு வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் சிக்கல்.

டிவியைக் கழற்ற வேண்டாம். அணைந்த டிவித் திரை விளக்கையும் ஆட்களையும் எதிரொளித்துக் கண்ணை இழுக்கும். ஆறு மணிக்கு அதன் மேல் சுவரின் நிறத்தையொட்டிய ஒரு துணியைப் போட்டுவிட்டால் போதும். பூ வேலை செய்த துணி வேண்டாம். அது இன்னொரு அலங்காரமாகிவிடும்.

கொலுவுக்குச் சுவரும் படியும்

சம்பிரதாயமாகப் படிகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருக்கும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. ஒரு படிக்குப் பத்து அங்குல ஆழம் வேண்டுமென்றால் ஒன்பது படிக்குத் தொண்ணூறு அங்குலம், அதாவது ஏழரை அடி. பதினோரு அடி ஹாலில் மிஞ்சுவது மூன்றரை அடி. அதில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசலிலேயே நிற்க வேண்டும். ஐந்து படியும் இந்த ஹாலுக்கு இறுக்கம்தான். மூன்று படி வையுங்கள். அம்மா வீட்டில் ஒன்பது படி என்றால் அம்மா வீட்டில் கூடம் இருந்தது.

மூன்று படிக்குக் கடையில் மடக்குப் படி வாங்கத் தேவையில்லை. பிள்ளைகள் படிக்கிற மேசை ஏறக்குறைய இருபத்தொன்பது அங்குல உயரம். டீப்பாய் பதினேழு அங்குலம் இருக்கும். ஒரு அகலப் பலகையை இரண்டு வரிசைச் செங்கல் மேல் வைத்தால் எட்டு அங்குலத்தை எட்டும். மேசையை ஜன்னல் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். டீப்பாயை மேசைக்கு அடியில் தள்ளி, பத்து அங்குலம் மட்டும் வெளியே நீட்டவிடுங்கள். பலகையை அதேபோல டீப்பாய்க்கு அடியில் தள்ளிப் பத்து அங்குலம் விடுங்கள். மேசை இருபது அங்குல ஆழம் என்றால் மொத்தம் நாற்பது அங்குலம்தான் தரையில் போகிறது. ஜமக்காளம் விரிக்க ஏழரை அடி மிச்சம். பொம்மை ஏற்றும் முன் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு கையையும் ஊன்றி அழுத்திப் பாருங்கள். ஆடினால் காலுக்கடியில் அட்டை கொடுத்துச் சரிசெய்யுங்கள். மண் பொம்மை பார்ப்பதைவிடக் கனம் அதிகம். பிளாஸ்டிக் நாற்காலியைப் படியாக்குவது ஆபத்து.

மேலே விரிக்க ஒரு நாலு முழ வேட்டி. நாற்பது அங்குல ஆழமும் இருபத்தொன்பது அங்குல உயரமும் சேர்ந்தால் அறுபத்தொன்பது. நாலு முழம் என்று விற்பது பெரும்பாலும் இரண்டு மீட்டரை ஒட்டியிருக்கும், சரியாகப் பொருந்தும். ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் வேட்டியை விரலால் நன்றாக உள்ளே தள்ளி, ஓரத்தில் ஊசி குத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் துணி மூலையில் தொங்கி, படி சரிவாகத் தெரியும். மூன்றாம் நாள் பொம்மையும் சாயும்.

பின்னால் ஒரு புடவை. இதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். புடவையைக் குறுக்கே கட்டி, கொசுவம் வைத்து, ரிப்பன் சுற்றி, கல்யாண மேடையாக்கிவிடுவார்கள். ஜன்னலின் திரைக் கம்பி ஏற்கெனவே இருக்கிறது, வாடகை வீட்டில் ஆணி அடிக்க வேண்டாம். ஜன்னல் திரையை எடுத்துவிட்டு, புடவையை நீளவாக்கில் கம்பியின் மேல் பாதியாக மடித்துப் போடுங்கள். புடவை ஐந்தரை மீட்டர், பதினெட்டு அடி. பாதி ஒன்பது அடி. கம்பி ஏழடி உயரத்தில் இருந்தால், மிச்சம் மேசைக்குப் பின்னால் மறைந்துவிடும். முந்தானை பின்பக்கம் போகட்டும், உடல் பகுதி மட்டும் முன்னால் தெரியட்டும். புடவையின் அகலம் நாற்பத்தைந்து அங்குலத்தை ஒட்டி இருக்கும். மேசை மூன்றரை அடி, அதாவது நாற்பத்திரண்டு அங்குலம். இரண்டு பக்கக் கரையும் கொலுவின் இரு ஓரத்திலும் தூண் போல நேராக இறங்கும். இதைவிட நல்ல மண்டபம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

நிறம் ஒரே நிறம், கொஞ்சம் அழுத்தமாக. அரக்கு, கரும்பச்சை, மயில்கழுத்து நீலம் எல்லாம் சரி. உடலெங்கும் புட்டா போட்டது வேண்டாம். பொம்மை முகம் அதில் கரைந்துபோகும். பருத்தியோ பட்டோ இருக்கட்டும். செயற்கை இழைப் புடவையை விளக்கு எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடக் கூடாது, அது தீப்பட்டால் உருகி ஒட்டும். எந்தப் புடவையானாலும் குத்துவிளக்கு அதிலிருந்து இரண்டடிக்கு மேல் தள்ளி, கொலுவுக்கு முன்னால் தரையில், ஒரு தாம்பாளத்தின் மேல் நிற்க வேண்டும். படியில் விளக்கேற்றாதீர்கள். ஜன்னலைச் சாத்திவைத்தால் காற்றில் புடவை அலையாது, சுடரும் அலையாது.

எத்தனை பொம்மை

நாற்பத்திரண்டு அங்குலப் படியில் ஆறு அங்குல அகலப் பொம்மைகள் ஏழு நெருக்கி வைக்கலாம். வைக்காதீர்கள். இரண்டு பொம்மைக்கு நடுவில் மூன்று அங்குலமாவது துணி தெரிந்தால்தான் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். அப்படிப் பார்த்தால் படிக்கு நாலைந்து, மொத்தம் பதினைந்துக்குள்.

மேல்படியில் நடுவே கலசம், இரண்டு பக்கமும் வீட்டுக்கு முக்கியமான தெய்வங்கள் ஒன்று அல்லது இரண்டு. தரையில் உட்கார்ந்த ஒருவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். மேசையின் உயரமும் அதுதான். ஆகவே கலசம் கண்ணுக்குச் சற்று மேலே நிற்கும், கும்பிடத் தோன்றுகிற உயரம். முழங்கால் வலிக்கென்று நாற்காலி கேட்கும் பெரியவர்களுக்குக் கண் நாலடிக்குப் போய்விடும். அவர்கள் நாற்காலியைச் சுவரோரமாகப் பின்னால் போடுங்கள். அருகே போட்டால் அவர்களுக்குப் பொம்மைகளின் தலை உச்சிதான் தெரியும்.

நடுப்படியில் ஒரே ஒரு செட். இந்த வருடம் கல்யாண ஊர்வலம் என்றால் கல்யாண ஊர்வலம் மட்டும். தசாவதாரம் வைக்க ஆசையென்றால், பத்துப் பொம்மைக்குத் தலைக்கு நாலு அங்குலம் கிடைக்கும். உங்கள் செட் மூன்று அங்குல அகலத்துக்குள் இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்குக் குடிபோகும்வரை பரணிலேயே இருக்கட்டும். ஏழு அவதாரத்தை மட்டும் வைத்து, மூன்றை விட்டுவிட முடியாது. முதலில் வருகிற மாமி அதைத்தான் கேட்பார்.

கீழ்ப்படியில் மரப்பாச்சி ஜோடி, செட்டியார், செட்டியார் அம்மா, அவர்களுக்கு முன்னால் சின்னக் கிண்ணங்களில் அரிசி பருப்பு, பிறகு இந்த வருடம் வாங்கிய புதுப் பொம்மை. வருடத்துக்கு ஒன்றாவது புதிதாக வாங்குவது வழக்கம் அல்லவா? மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போனால் ஒன்றோடு திரும்புவது கடினம், எனவே போகும்முன் மிச்சமிருக்கும் இடத்தை அங்குலத்தில் எழுதிக்கொண்டு போங்கள். கீழ்ப்படியில் இடது பக்கம் ஒரு அடியைக் காலியாக விடுங்கள். ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை வைக்க இடம் வேண்டும். இதை மறந்துவிட்டு, அன்று காலையில் பொம்மைகளை நகர்த்தி, ஒன்று உடைந்துபோகிற வீடுகள் உண்டு.

"போன வருஷம் வெச்ச பொம்மையெல்லாம் எங்கேடி?" என்று ஒரு அத்தை கேட்காமல் இருக்க மாட்டார். "அடுத்த வருஷம் அதோட முறை அத்தை, இந்த வருஷம் கல்யாணத்தை மட்டும் பாருங்க" என்று சொல்லிவிடுங்கள். அத்தை கொடுத்த பொம்மை பரணில் இருந்தால் மட்டும் அவர் வருகிற நாளைக்கு அதை எடுத்து வைப்பது உத்தமம். இதில் அழகியல் பேசிப் பயனில்லை.

பார்க் போடுகிறவர்கள் ஒரு தாம்பாளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நாலைந்து நாள் முன்னதாகக் கேழ்வரகோ கடுகோ தூவி, ஈரம் காயாமல் வைத்திருந்தால் முளைவிட்டிருக்கும். பார்க், கல்யாண ஊர்வலம் இரண்டும் சேர்த்து வேண்டாம், ஒன்று போதும். தரையில் குளம், மலை, சாலை என்று விரித்தால் சின்ன ஹாலில் முதலில் அதை மிதிப்பது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

வெளிச்சம்

சீரியல் லைட்டை நான் அடியோடு வேண்டாம் என்பேன். விட்டு விட்டு மினுக்குகிற எதுவும் கண்ணைத் தன் பக்கம் இழுக்கும், பொம்மையின் பக்கம் போகவிடாது. தலைக்கு மேல் எரியும் டியூப் லைட்டுக்கு வேறு குறை. வார்னிஷ் பூசிய பொம்மைகளின் மூக்கிலும் நெற்றியிலும் வெள்ளைப் புள்ளி விழும், கண்ணுக்குக் கீழே நிழல் இறங்கும்.

கிளிப் வைத்த ஒரு சின்ன எல்இடி விளக்கு, ஐந்து அல்லது ஏழு வாட், கடையில் 'வார்ம் ஒயிட்' என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும். கொலுவுக்கு முன்னால் இடது பக்கம், ஐந்தடி உயரத்தில், சாய்த்துப் படும்படி மாட்டுங்கள். புத்தக அலமாரியின் விளிம்போ, டிவி ஸ்டாண்டோ கிடைக்கும். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால்தான் பொம்மைக்கு உருண்டை தெரியும். இரண்டு பக்கமும் போட்டால் முகம் தட்டையாகிவிடும். மாட்டிய பிறகு ஜமக்காளத்தில் நாலு மூலையிலும் உட்கார்ந்து பாருங்கள். எங்கேயாவது பல்பு நேராகக் கண்ணைக் குத்தினால் கோணத்தை மாற்றுங்கள். ஹாலின் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, வாசலில் ஒரு விளக்கும் சமையலறை விளக்கும் எரியட்டும். வயதானவர்கள் தடுக்காமல் நடக்க அது போதும், கொலு மட்டும் துலங்கி நிற்கும்.

வாசலும் தாம்பூலத் தட்டும்

நம் பக்கத்து ஃபிளாட் வாசலில் ஒரு தொல்லை உண்டு. மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிரில் கதவு, அது வெளிப்புறமாகத் திறக்கும். வாசலுக்கு நேரே போட்ட கோலத்தை அது முதல் தடவையே அழித்துவிடும். கிரில்லை முழுக்கத் திறந்து, அதன் கீழ்விளிம்பு தரையில் சுற்றும் வளைவைப் பாருங்கள். அந்த வளைவுக்கு வெளியே, கீல் இல்லாத பக்கம், ஒன்றரை அடியில் ஒரு கோலம். ஐந்துக்கு ஐந்து புள்ளி போதும். பளபள டைல்ஸில் கோலப்பொடி நிற்காது, நடைவழிக் காற்றில் போய்விடும், மிதித்தால் வழுக்கும். பச்சரிசியை ஊறவைத்து மையாக அரைத்து, பால் பதத்துக்குக் கரைத்து, துணியில் தோய்த்து மோதிர விரலால் இழுக்கிற ஈரமாக் கோலம்தான் ஒட்டும். காய அரை மணி நேரம் விடுங்கள், சுற்றிலும் காவி.

மாவிலைத் தோரணத்தைக் கிரில்லில் கட்டாமல் மர நிலையில் கட்டுங்கள். சண்முகம் சாலைப் பக்கம் கட்டாகக் கிடைக்கும். நாலைந்து நாளில் சுருண்டுவிடும், எனவே நடுவில் ஒருமுறை மாற்றக் கணக்கு வையுங்கள். இதற்கு மேல் வாசலில் எதுவும் வேண்டாம். உங்கள் சொந்தச் செருப்பு ஸ்டாண்டையும் அங்கிருந்து உள்ளே எடுத்துவிடுங்கள். வருகிறவர்களின் செருப்புக்கு இடமில்லாவிட்டால் அவை கோலத்தின் மேல்தான் கிடக்கும்.

மூன்றாவது இடத்தை யாரும் கவனிப்பதில்லை. சாப்பிட்டு முடித்து எழுந்த பெண்கள் ஹால் நடுவில் நிற்பார்கள், நீங்கள் சமையலறைக்குள் ஓடி வெற்றிலையைத் தேடுவீர்கள். சமையலறை வழியின் ஓரத்தில், ஃபிரிட்ஜை மறைத்தாற்போல ஒரு ஸ்டூல், அதன் மேல் ஒரு பித்தளைத் தாம்பாளம். குங்குமம், மஞ்சள், சந்தனக் கும்பா, பூ. ஆறு மணிக்கே ஐந்து பேருக்கான வெற்றிலை, பாக்கு, பழம், ரவிக்கைத்துணியைப் பைகளில் போட்டு ஸ்டூலுக்குக் கீழே கூடையில் வைத்துவிட்டால், தட்டின் மேல் குவியல் இராது. பெரிய பித்தளைத் தாம்பாளம் வீட்டில் இல்லையென்றால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் வரிசையில் தேடிப் பாருங்கள். புதிது வாங்குவதாக இருந்தாலும் அலங்காரத்துக்கென்று செலவழிக்கிற பணத்தை இந்த ஒரு தட்டில் போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

எல்லாம் ஆன பிறகு, விளக்கேற்றியதும், வாசலில் நின்று மறுபடி ஒரு படம். அதைக் கைபேசியிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போனபின் மிகவும் வெளிச்சமாகத் தெரிகிற இடம் கலசத்தைச் சுற்றி இருக்க வேண்டும். ஸ்டூலோ, பளபளக்கும் குழாயோ, வெள்ளைக் கதவோ முந்திக்கொண்டு தெரிந்தால் அதைத்தான் சரிசெய்ய வேண்டும், கொலுவில் இன்னொரு பொம்மை சேர்க்கக் கூடாது.

எடுத்து வைப்பது

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் எடுத்துவிடுவது வழக்கம். மூன்று படிக்கு மூன்று அட்டைப்பெட்டி போதும். பழைய பருத்தித் துணியில் ஒவ்வொன்றையும் சுற்றி, பெட்டியின் மேல் எந்த வருடம், எந்தச் செட் என்று எழுதுங்கள். அடுத்த வருடம் எதன் முறை என்று அதிலேயே தெரிந்துவிடும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்கள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டாம். கொலு முடிகிற சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும், 2015 டிசம்பரில் அந்தப் பக்கம் வீடுகளுக்குள் வந்த தண்ணீர் தெரிந்ததே. காகிதக்கூழ்ப் பொம்மை நனைந்தால் அதோடு சரி. மண் பொம்மையில் சாயம் உரிந்துவிடும். பரண்தான் அதற்கு இடம்.

கிளிப் விளக்கை மட்டும் பெட்டியில் போடாமல் வெளியே வையுங்கள். இருபது நாளுக்குள் தீபாவளி வந்துவிடும். அன்று அது தாம்பாளம் இருந்த அதே ஸ்டூலின் பக்கம் போகட்டும், அதன் வெளிச்சம் பட்சணத் தட்டின் மேல் விழட்டும்.